டெஸ்ட் சர்வருக்குப் போகும் வாடிக்கையாளர் தரவு: எந்த இடத்தில் மறைப்பது?

பெருங்குடியில் இருக்கும் எங்கள் சிறிய குழு ஒரு சீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்து தருகிறது. சென்னைக்குள்ளேயே பல கிளைகள் உள்ள நிறுவனம் அது. சுமார் 4 லட்சம் பேரின் கைபேசி எண்கள் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. சீட்டு போட்டவர், சீட்டு எடுத்தவருக்கு ஜாமீன் நின்றவர், நாமினி என்று எல்லாரும் அதில் அடக்கம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், சுமார் 80 ஜிபி. ஒவ்வொரு ஞாயிறும் அதிகாலை 2 மணிக்குப் புரொடக்‌ஷனின் நகல் டெஸ்ட் சர்வருக்குப் போகும். போகும்போது பெயர், எண், பான், முகவரி எல்லாம் மறைக்கப்பட வேண்டும்.

மறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த இடத்தில் வைத்து மறைப்பது என்பதில்தான் எங்களுக்குள் நான்கு வாரம் பேச்சு ஓடியது. டெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மறைக்கலாம். புரொடக்‌ஷனிலிருந்து வெளியே எடுக்கும்போதே மறைக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு தற்காலிகத் தரவுத்தளம் வைத்து அங்கே மறைக்கலாம். நாங்கள் முதல் வழியில் இருந்து, அடிபட்டு, மூன்றாவது வழிக்கு வந்தோம். இரண்டாவது வழி சிலருக்கு எங்களுடையதைவிடப் பொருத்தமாக இருக்கும். அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம். நிஜத் தரவே வேண்டாம், முழுக்கக் கற்பனைத் தரவை உருவாக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். புதிய மென்பொருளுக்கு அதுதான் சரி. எங்களுடையது பத்து வருடப் பழைய தரவு. ஒரு சீட்டில் உறுப்பினராக இருப்பவர் இன்னொரு சீட்டில் ஜாமீன்தாரர். எட்டாவது மாதம் ஏலத்தில் எடுத்தவர் பதினொன்றாவது தவணையைப் பாதி கட்டிவிட்டு நிறுத்தியிருப்பார். கிளை மாறியபோது இரண்டு முறை பதிவாகியிருப்பார். இந்தச் சிக்கல்கள்தான் எங்கள் மென்பொருளில் பிழையைக் கிளப்புகின்றன. இவற்றைக் கற்பனையில் எழுதி உருவாக்க எங்களால் முடியவில்லை. அதனால் தரவின் அமைப்பு அப்படியே வர வேண்டும், ஆட்கள் மட்டும் வரக் கூடாது.

சரி, முதல் வழி. கிட்டத்தட்ட எல்லாரும் தொடங்கும் இடம் இதுதான். புரொடக்‌ஷன் டம்பை டெஸ்ட் சர்வரில் ரீஸ்டோர் செய்துவிட்டு, அங்கே ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி `UPDATE` செய்வது. எழுத அரை நாள் போதும். புரொடக்‌ஷன் பக்கம் எதையும் தொட வேண்டாம். நாங்கள் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினோம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளையிலிருந்து தொலைபேசி வந்தது. மயிலாப்பூரில் ஒரு வயதான அம்மா, "போன வாரம்தான் கட்டினேன், ரசீது கையில் இருக்கு, எதுக்குப்பா பாக்கின்னு மெசேஜ் அனுப்புறீங்க?" என்று கிளைக்கு நேரிலேயே வந்து நின்றிருக்கிறார். அவர் மட்டுமில்லை. முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அந்த மெசேஜ் போயிருந்தது. அனுப்பியது எங்கள் டெஸ்ட் சர்வர்.

பின்னால் போய்ப் பார்த்தபோது நடந்தது இப்படி. அந்த வாரம் நாமினி டேபிளில் கைபேசி எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்திருந்தோம். மறைக்கும் ஸ்கிரிப்ட் எல்லாருடைய எண்ணையும் சில நூறு போலி எண்களில் ஒன்றாக மாற்றும். சில நூறு பதிவுகளுக்குள்ளேயே ஒரே எண் மறுபடி வர, அந்த `UPDATE` முழுக்க ரத்தானது. அதே பரிவர்த்தனைக்குள் இருந்த உறுப்பினர் டேபிளும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. `psql` இயல்பாக, ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் `-v ON_ERROR_STOP=1` என்று நாம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட் கடைசி வரி வரை ஓடி, வெற்றி என்று பதிவு எழுதிவிட்டு முடிந்தது. காலை ஆறு மணிக்கு ஆட்டோமேஷன் சோதனை எழுந்து, தவணை நினைவூட்டலை ஓட்டியது. எஸ்எம்எஸ் கேட்வேயின் சாவி ஒரு அமைப்பு டேபிளில் இருந்ததால் அதுவும் நகலோடு வந்திருந்தது. நிறுவனத்தின் பதிவு செய்த அனுப்புநர் பெயரும் அங்கீகரிக்கப்பட்ட வாசகமும் அப்படியே இருந்ததால், வாங்கியவர்களுக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை.

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் முதல் வழி சரியாகிவிடாதா? ஸ்கிரிப்ட் தோற்றால் நிற்கும், அது உண்மை. ஆனால் நிற்கும் இடம் டெஸ்ட் சர்வர், அங்கே கிடப்பது மறைக்காத தரவு. இந்த வழியில் எது தவறினாலும் விளைவு கசிவுதான். எல்லாம் சரியாக நடந்தாலும்கூட ரீஸ்டோர் முடிந்ததிலிருந்து மறைப்பு முடியும்வரை இரண்டு மணி நேரம், டெஸ்ட் சர்வரின் கடவுச்சொல் தெரிந்த எல்லாருக்கும் நிஜ எண்கள் தெரியும்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. போஸ்ட்கிரெஸில் `UPDATE` செய்தால் பழைய பதிவு அழிவதில்லை. புதிய பதிவு வேறிடத்தில் எழுதப்படும், பழையது செத்த பதிவாக அதே கோப்பில் கிடக்கும். சாதாரண `VACUUM` அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று குறிக்குமே தவிர, அங்கே வேறு எதுவும் எழுதப்படும்வரை பழைய எழுத்துகள் டிஸ்கில் அப்படியே இருக்கலாம். `VACUUM FULL` தான் டேபிளைப் புதிய கோப்பாக எழுதும். டெஸ்ட் சர்வரின் டிஸ்கை யாராவது ஸ்னாப்ஷாட் எடுத்து வெளியாருக்குக் கொடுத்தால், மறைத்ததாக நினைத்த தரவும் அதோடு போகும். எங்கள் டெஸ்ட் சர்வரில் ஒரு டேபிளின் கோப்பைத் திறந்து, எனக்குத் தெரிந்த என் சொந்த எண்ணைத் தேடினேன். நானும் அந்த நிறுவனத்தில் ஒரு சீட்டு போட்டிருக்கிறேன். மறைத்து நான்கு நாள் ஆன பிறகும் என் எண் அதில் இருந்தது. முதல் வழி வேண்டாம் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வழி, வெளியே எடுக்கும்போதே மறைப்பது. போஸ்ட்கிரெஸுக்கு அனானிமைசர் என்ற நீட்சி இருக்கிறது. எந்த நெடுவரிசையை எப்படி மறைக்க வேண்டும் என்பதைத் தரவுத்தளத்திலேயே லேபிளாக எழுதிவைக்கலாம்.

```sql
SECURITY LABEL FOR anon ON COLUMN subscriber.phone
IS 'MASKED WITH FUNCTION anon.partial(phone,2,$$******$$,2)';
```

மறைப்புக்கு உட்பட்ட ஒரு பயனராக நுழைந்து `pg_dump` எடுத்தால், வெளியே வருவதே மறைத்த தரவுதான். நிஜ எண் புரொடக்‌ஷனை விட்டு ஒரு நொடிகூட வெளியேறுவதில்லை. விதி டேபிளோடு சேர்ந்தே இருப்பதால், டேபிளை மாற்றுகிறவரின் கண்ணில் படுகிறது. கருத்தளவில் மூன்றில் அழகானது இதுதான்.

எங்கள் டிபிஏ இதற்குச் சம்மதிக்கவில்லை. "தம்பி, டெஸ்ட் ஆளுங்களுக்கு வசதி பண்றதுக்காக, பணம் ஓடுற சர்வர்ல ஒரு புது நீட்சியை ஏத்தச் சொல்றீங்க" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. மேலாண்மை செய்யப்பட்ட கிளவுட் தரவுத்தளங்களில், அவர்கள் பட்டியலில் இருக்கும் நீட்சிகளை மட்டும்தான் ஏற்ற முடியும். சொந்த சர்வர் என்றாலும், ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தின்போதும் இந்த நீட்சியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். ஒவ்வொரு பதிவுக்கும் மறைப்புச் சார்பு ஓடுவதால் டம்ப் நீளும். டம்ப் ஓடும் நேரமெல்லாம் ஒரே ஸ்னாப்ஷாட் திறந்திருக்கும், அதுவரை செத்த பதிவுகளை `VACUUM` துடைக்க முடியாது. ரெப்ளிகாவிலிருந்து எடுத்தால் பிரதான சர்வருக்குச் சுமை இல்லை, ஆனால் பாதி வழியில் `canceling statement due to conflict with recovery` என்று அறுந்துவிடும் வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்க ரெப்ளிகாவின் அமைப்புகளை மாற்ற வேண்டும். அங்கே மாற்றினால் அதன் விலையை வேறோர் இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

லேபிள் போடாத நெடுவரிசை இயல்பாக மறைக்கப்படாமல் வெளியே போகும் என்பதும் கவனிக்க வேண்டியது. `anon.privacy_by_default` என்ற அமைப்பை இயக்கினால் நிலைமை தலைகீழாகும். இந்த வழியை எடுப்பவர்கள் அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். தரவு சிறியது, சர்வர் உங்கள் கையில், நீட்சியை ஏற்ற அனுமதி இருக்கிறது என்றால் இரண்டாவது வழியையே எடுக்கச் சொல்வேன். பராமரிக்க வேண்டிய இயந்திரம் ஒன்று குறையும்.

சிலர் டைனமிக் மாஸ்கிங் என்பதை இதோடு சேர்த்துப் பேசுவார்கள். அது பார்ப்பவரின் கண்ணுக்கு மட்டும் மறைக்கிறது, உள்ளே இருக்கும் தரவு அப்படியே இருக்கும். நகலெடுத்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் வேலைக்கு அது தனியாகப் போதாது.

இப்போது நாங்கள் எடுத்த மூன்றாவது வழி. புரொடக்‌ஷன் நெட்வொர்க்குக்குள்ளேயே, டெஸ்ட் பக்கமிருந்து யாரும் எட்ட முடியாத இடத்தில், ஞாயிறு 2 மணிக்கு ஒரு தற்காலிக இயந்திரம் எழும்பும். முந்தைய இரவு எடுத்த பேக்கப்பை அதில் ரீஸ்டோர் செய்கிறோம். அங்கே மறைத்து, மறைத்ததை மட்டும் டம்ப் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, இயந்திரத்தையும் டிஸ்கையும் அழித்துவிடுகிறோம். ரீஸ்டோருக்கு ஐம்பது நிமிடம், மறைப்புக்கு நாற்பது, டம்புக்கு இருபது. புரொடக்‌ஷனை நாங்கள் தொடுவதே இல்லை. அதனால் டிபிஏவுக்கும் மறுப்பு இல்லை. எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. பேக்கப் உண்மையிலேயே ரீஸ்டோர் ஆகிறதா என்பது வாரம் ஒரு முறை தானாகவே சோதிக்கப்படுகிறது. மூன்றாவது வாரமே ஒரு பேக்கப் பாதியில் முடிந்திருப்பது தெரியவந்தது.

இங்கேயும் `UPDATE` செய்வதில்லை. `safe` என்று புதிய ஸ்கீமா உருவாக்கி, ஒவ்வொரு டேபிளையும் அதில் காலியாக அமைத்து, `INSERT ... SELECT` வழியாக மறைத்த மதிப்புகளை எழுதுகிறோம். பழைய பதிவு என்று ஒன்று அந்தப் புதிய டேபிளில் என்றைக்குமே இருந்ததில்லை. பிறகு அந்த ஸ்கீமாவை மட்டும் `pg_dump` எடுக்கிறோம். `CREATE TABLE ... LIKE` ஃபாரின் கீயைக் கொண்டுவராது, சீக்வென்ஸும் பழைய ஸ்கீமாவையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் தனியாக அமைக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. டிஸ்க் ஸ்னாப்ஷாட்டாக அனுப்பினால் பத்து நிமிடத்தில் முடியுமே என்று ஒருவர் கேட்டார். ஸ்னாப்ஷாட்டில் பழைய ஸ்கீமாவின் கோப்புகளும் சேர்ந்து போகும். அதனால் டம்ப் மட்டும்தான்.

இந்த வழியின் முக்கியமான குணம், எது தோற்றாலும் டெஸ்ட் சர்வருக்கு எதுவும் போகாது என்பது. அங்கே போன வாரத் தரவே இருக்கும். டெஸ்ட் குழு முணுமுணுக்கும், ஆனால் வாடிக்கையாளர் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

செலவும் உண்டு. வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் இயந்திரமும் 200 ஜிபி டிஸ்கும் வேண்டும். தரவு ஒரு டெராபைட் என்றால் இந்தக் கணக்கு மாறும். அப்போது கிளைவாரியாகச் சிறு பங்கு மட்டும் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

இடத்தை முடிவு செய்த பிறகு, எதை எதாக மாற்றுவது என்பதில் எங்களை அதிகம் படுத்தியது கைபேசி எண்தான். எங்கள் பழைய டேபிள்களில் ஜாமீன்தாரரையும் உறுப்பினரையும் இணைப்பது ஃபாரின் கீ அல்ல, எண்ணேதான். ஆகவே ஒரே நிஜ எண் எங்கு வந்தாலும் ஒரே போலி எண்ணாக வர வேண்டும். `98******21` மாதிரி நட்சத்திரம் போடுவது இங்கே உதவாது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே எண்ணாகிவிடுவார்கள்.

ஹாஷ் செய்துவிடலாம் என்பதுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். இந்தியக் கைபேசி எண் 6 முதல் 9 வரையான ஓர் இலக்கத்தில் தொடங்கி மொத்தம் 10 இலக்கம். அதாவது அதிகபட்சம் 400 கோடி எண்கள். அத்தனைக்கும் ஒரு முறை SHA-256 போட்டு வைத்துக்கொண்டால், எந்த ஹாஷிலிருந்தும் எண்ணைத் திரும்ப எடுத்துவிடலாம். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு இது ஒரு நிமிட வேலைகூட இல்லை. வெறும் ஹாஷ் மறைப்பே அல்ல. ரகசியச் சாவி சேர்த்த HMAC என்றால், சாவி புரொடக்‌ஷன் பக்கமே இருக்கும்வரை பாதுகாப்பு.

ஆனால் HMAC முடிவைப் பத்து இலக்க எண்ணாகச் சுருக்கும்போது மோதல் வரும். 4 லட்சம் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8,000 கோடி ஜோடிகள். இடம் 400 கோடி. வகுத்தால் சராசரியாக 20 ஜோடிகள் ஒரே போலி எண்ணில் போய் விழும். யூனிக் கட்டுப்பாடு இருக்கும் டேபிளில் வேலை நின்றுவிடும். கட்டுப்பாடு இல்லாத டேபிளில் நிலைமை இன்னும் மோசம், சம்பந்தமில்லாத இருவர் ஒரே ஆளாகிவிடுவார்கள். அந்த மாதிரி ஒரு பிழையைத் தேடி ஒரு டெஸ்டர் இரண்டு நாள் வீணடிப்பார்.

அதனால் நாங்கள் இணைப்பு டேபிள் வைத்தோம். நிஜ எண் ஒரு பக்கம், அதற்குக் கொடுத்த போலி எண் மறுபக்கம். போலி எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே கொடுத்ததாகவோ நம் வாடிக்கையாளர் யாருடையதாகவோ இருந்தால் வேறொன்று எடுக்கிறோம். பின்னால் சேரும் புது வாடிக்கையாளரின் நிஜ எண், நாம் முன்பே கொடுத்த போலியாக அமைந்துவிட்டால் அந்தப் போலியை மாற்றுகிறோம். மோதல் இல்லை, வாரத்துக்கு வாரம் ஒரே ஆளுக்கு ஒரே எண். விலை என்னவென்றால், இந்த டேபிள் கையில் கிடைத்தவருக்கு மறைப்பு முழுதும் திறந்துகொள்ளும். தற்காலிக இயந்திரம் மட்டும் படிக்கக்கூடிய, புரொடக்‌ஷன் அளவுக்கே காவல் உள்ள இடத்தில் அதை வைத்திருக்கிறோம். அந்தக் காவல் தர முடியாதவர்கள் HMAC பக்கமே இருந்துகொண்டு மோதலுக்கு வழி தேடுவது நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 9-இல் தொடங்கும் பத்து இலக்கப் போலி எண் பெரும்பாலும் உலகில் யாரோ ஒருவருடைய நிஜ எண். நம் வாடிக்கையாளர் அல்லாத ஒருவர், அவ்வளவுதான். ஆகவே மறைத்துவிட்டோம் என்று டெஸ்டிலிருந்து மெசேஜ் போக அனுமதித்தால் முன்பின் தெரியாதவர்களுக்குப் போகும். அமைப்பு டேபிளில் இருந்த கேட்வே சாவி, மின்னஞ்சல் கடவுச்சொல், பணப் பரிமாற்றச் சாவி எல்லாவற்றையும் மறைப்புப் பட்டியலில் சேர்த்தோம். டெஸ்ட் சர்வரிலிருந்து வெளியே போகும் வழியையும் அடைத்தோம்.

பானில் ஓர் ஓட்டை இருந்தது. பான் எண்ணின் நான்காவது எழுத்து ஆளின் வகையைச் சொல்லும், தனிநபருக்கு P, நிறுவனத்துக்கு C. எங்கள் மென்பொருள் அதைப் பார்த்து வேறு படிவம் காட்டுவதால் அந்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை மாற்றினோம். கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஜிஎஸ்டி எண்ணும் கொடுத்திருப்பார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண்ணேதான். ஒரு நெடுவரிசையில் மறைத்ததை அடுத்த நெடுவரிசையில் நாங்களே காட்டிக்கொண்டிருந்தோம். இப்போது போலி பானிலிருந்தே ஜிஎஸ்டி எண்ணை அமைத்து, கடைசிச் சரிபார்ப்பு எழுத்தையும் புதிதாகக் கணக்கிடுகிறோம்.

பெயர்களுக்கு வெளிநாட்டுப் பெயர்ப் பட்டியல் எதையும் பயன்படுத்தவில்லை. எங்கள் ரசீது தமிழில் அச்சாகிறது, "கி. வே. சுப்புலட்சுமி" என்று இனிஷியலோடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். நீளமான பெயர் ரசீதின் கட்டத்தை மீறும் பிழையெல்லாம் அப்படிப்பட்ட பெயரில்தான் தெரியும். அதனால் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் இனிஷியல் பட்டியல் ஒன்றையும் வைத்து, நிஜப் பெயரின் நீளத்துக்குப் பக்கத்தில் வரும்படி சேர்க்கிறோம்.

குறிப்பு நெடுவரிசைதான் கடைசி வரை அடங்காதது. வசூலுக்குப் போகிறவர்கள் அதில் எதையும் எழுதுவார்கள். பத்து இலக்கங்களைத் தேடி அழிக்கும் ஒரு வடிவத்தை முதலில் எழுதினோம். இடைவெளி விட்டு ஐந்தும் இரண்டும் மூன்றுமாகப் பிரித்து எழுதிய எண்கள் அதில் தப்பின. அதைச் சரி செய்த பிறகு நான் கண்ட ஒரு குறிப்பு இப்படி இருந்தது: "வீடு பூட்டி இருக்கு. அண்ணன் பிள்ளையார் கோயில் பக்கத்தில் மாவு மில். மருமகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயாச்சு." இதில் ஓர் எண்ணும் இல்லை, ஒரு பெயரும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். எந்தத் தேடல் வடிவமும் இதைப் பிடிக்காது. அன்றைக்கே குறிப்புகளை மொத்தமாக நீக்கிவிட்டு, நாங்களே எழுதிய அறுபது பொதுவான குறிப்புகளில் ஒன்றை வைத்தோம். ஸ்கேன் செய்த அடையாளச் சான்றுகளும் அப்படித்தான், எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படம்.

மறைத்தது சரிதானா என்று பார்க்க, தற்காலிக இயந்திரத்திலேயே நிஜ எண்களின் பட்டியலை எடுத்து, வெளியே போகவிருக்கும் டம்பில் தேடுகிறோம்.

```bash
LC_ALL=C grep -a -c -F -f real_phones.txt masked.sql
```

விடை 0 வர வேண்டும். போலி எண்கள் வாடிக்கையாளர் எண்களைத் தவிர்ப்பதால்தான் இங்கே பூஜ்யத்தை எதிர்பார்க்க முடிகிறது. HMAC வைத்திருந்தால் தற்செயலாகவே சுமார் நாற்பது எண்கள் பொருந்தும், அதில் எது கசிவு என்று பிரிக்க முடியாது. இரண்டு எச்சரிக்கை. பட்டியலில் ஒரு காலி வரி இருந்தாலும் டம்பின் எல்லா வரிகளும் பொருந்திவிடும். நீளமான வங்கிக் கணக்கு எண்ணுக்குள் ஒரு கைபேசி எண் ஒளிந்திருந்து பொய்யாகப் பொருந்தவும் செய்யும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் விட வேண்டும். இதே தேடலைப் பான் பட்டியலுக்கும் செய்கிறோம். அந்த ஜிஎஸ்டி ஓட்டையைக் காட்டிக்கொடுத்ததே இதுதான்.

இதற்கும் முன்னால் ஓடுவது, எந்த நெடுவரிசைக்கு விதி இல்லை என்று கேட்கும் ஒரு கேள்வி.

```sql
SELECT c.table_name, c.column_name
FROM information_schema.columns c
LEFT JOIN mask_rules r USING (table_name, column_name)
WHERE c.table_schema = 'public' AND r.rule IS NULL;
```

ஒரு வரி வந்தாலும் வேலை அங்கேயே நிற்கும். மறைக்கத் தேவையில்லாத தவணைத் தொகைக்கும் "அப்படியே விடு" என்று விதி எழுதியிருக்க வேண்டும். `information_schema.columns` என்ற வியூ, ஓட்டும் பயனருக்கு உரிமை உள்ள டேபிள்களை மட்டுமே காட்டும். உரிமை குறைந்த பயனராக ஓட்டினால், இருக்கும் ஓட்டைகூடத் தெரியாமல் காலியாக விடை வரும். டேபிள்களின் உரிமையாளராக ஓட்ட வேண்டும். மெட்டீரியலைஸ்டு வியூக்கள் இதில் வராது, அவற்றை மறைத்த டேபிள்களிலிருந்து புதிதாகக் கட்டுகிறோம்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கசிவைத் தடுக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. டெஸ்ட் சர்வரில் இருப்பதும் தனிநபர் தரவுதான்.

புதிய முறை தொடங்கி இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை வேலை நின்றுபோனது. `subscriber` டேபிளில் `whatsapp_no` என்று ஒரு புதிய நெடுவரிசை. வெள்ளிக்கிழமை மாலை அவசரமாகச் சேர்த்திருந்தார்கள், விதி எழுதவில்லை. பழைய முறையில் அது அப்படியே டெஸ்டுக்குப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. டெஸ்டிங் தலைவி திங்கள் காலை, "அண்ணா, போன வார டேட்டாவே இருக்கே?" என்று கேட்டு வந்தார். காரணத்தைச் சொன்னேன். பத்தரை மணிக்கு `phone` விதியையே அதற்கும் எழுதினோம், மதியம் ஒன்றரைக்குப் புதிய நகல் அவர் கைக்குப் போனது.